மேனேஜரையும் கூட்டிக்கொண்டு மேலே போங்கள்

வாசகர் கேள்வி:

எனக்கு 29 வயது. ஒசூர் பக்கம் ஒரு இருசக்கர வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஐந்து வருடமாகக் குவாலிட்டி இன்ஜினியர். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் லைன் என் பொறுப்பு. துளையின் விட்டம் 12.700 முதல் 12.743 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். லைனில் துளையைக் காற்றழுத்தத்தால் அளக்கும் ஏர் கேஜை செட் செய்யும் ரிங்கின் கேலிப்ரேஷன் தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. சந்தேகப்பட்டு, லைனில் அளந்த பத்து பீஸை உடனே, அளவுகளைச் சரிபார்க்கும் ஸ்டாண்டர்டு ரூமுக்கு எடுத்துப் போய் அளந்தேன். எல்லாம் சுமார் 6 மைக்ரான் கூடுதலாகக் காட்டியது. லைனில் 12.739 காட்டிய பீஸ் அங்கே 12.745. மேனேஜரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். "மாசக் கடைசி, டிஸ்பேட்ச் இருக்கு, அஞ்சாம் தேதிக்கு மேல பார்த்துக்கலாம்" என்கிறார். தினமும் 2,400 பீஸ் போகிறது, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது நான். பிளான்ட் ஹெட்டுக்கு மெயில் போட்டு, மேனேஜரை சி.சி.யில் வைக்கலாமா? பெயர் போடாமல் கடிதம் எழுதலாமா? மேனேஜர் நல்லவர்தான், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். போட்டுக்கொடுத்தவன் என்ற பெயர் வேண்டாம். மனைவி ஆறு மாத கர்ப்பமாக இருக்கிறாள், வேலையும் போகக்கூடாது. என்ன செய்வது?

பதில்:

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது கேஜ் இல்லை. "மூன்று முறை சொல்லிவிட்டேன்" என்ற வரிதான். 22 வருடம் தொழிற்சாலைகளில் மனிதவளத் துறையில் இருந்தவன் நான். மேலதிகாரியோடு மனக்கசப்பு என்று என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது இதே வரியைச் சொல்லியிருக்கிறார்கள். "எப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் நடந்துகொண்டே, கேன்டீன் வாசலில், வேறு ஏதோ பேசும்போது நடுவில் சொன்னதாக இருக்கும். சொன்னவருக்கு அது எச்சரிக்கை. கேட்டவருக்கு அது அன்றைய நாற்பது புலம்பல்களில் ஒன்று.

நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் "சார், ரிங் தேதி முடிஞ்சிருக்கு, ரீடிங் வித்தியாசமா வருது" என்ற அளவில் சொல்லியிருந்தால், அதில் அவர் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் இல்லை. "அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் அதற்கு இயல்பான பதில். அதனால் அவர் உங்கள் பேச்சை ஒதுக்கிவிட்டார் என்ற முடிவுக்கு இப்போதே வராதீர்கள். அவரிடம் இன்னும் சரியாகக் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அவர் ஏன் தள்ளிப்போடுகிறார்?

சோம்பலால் இருக்காது என்று நினைக்கிறேன். ரிங்கை கேலிப்ரேஷனுக்கு அனுப்புவது பெரிய வேலை இல்லை. அது திரும்பி வரும்போது கூடவே என்ன வரும் என்பதுதான் அவருடைய பயம்.

செட்டிங் ரிங் தேயும்போது அதன் உள்விட்டம் பெரிதாகிறது. மேல் 12.743 என்று பொறித்திருக்கும், உள்ளே 12.749 ஆகியிருக்கும். கேஜ் அதைத்தான் 12.743 என்று நம்பும். பிறகு அளக்கும் ஒவ்வொரு துளையையும் 6 மைக்ரான் குறைத்துக் காட்டும். நீங்கள் கண்ட வித்தியாசம் இதனோடு ஒத்துப்போகிறது. இப்போது ரிங் லேபுக்குப் போய், "தேய்ந்துவிட்டது" என்று சான்றிதழ் வந்துவிட்டால் கதை முடியாது, அங்கேதான் ஆரம்பிக்கும். வாகனத் துறைக்கான ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச்சான்று வாங்கிய தொழிற்சாலை என்றால், அளவுக் கருவி தப்பு என்று தெரிந்த பிறகு, அதை வைத்து ஏற்கெனவே பாஸ் செய்த பொருட்களின் கதி என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். சந்தேகத்துக்குரிய சரக்கு வாடிக்கையாளருக்குப் போயிருந்தால் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்தத் தரநெறி சொல்கிறது. நாளுக்கு 2,400 என்றால், இரண்டு மாதத்தில் 50 வேலை நாளுக்கு 1,20,000 பீஸ். மாதக் கடைசியில் அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு யார் வாடிக்கையாளர் முன்னால் போய் நிற்பது?

இதைப் புரிந்துகொண்டால் இன்னொன்றும் தெரிகிறது. சரக்கை நிறுத்துவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, அவரிடம் விலக்கு கேட்பது, போன சரக்கைத் தேடுவது, இவை எல்லாவற்றையும் தனியாக முடிவுசெய்ய உங்கள் மேனேஜராலும் முடியாது. அது பிளான்ட் ஹெட் எடுக்க வேண்டிய முடிவு. ஆக, விஷயம் மேலே போய்த்தான் ஆக வேண்டும். நீங்கள் போகிறீர்களா, அவர் போகிறாரா, இரண்டு பேரும் சேர்ந்து போகிறீர்களா என்பது மட்டும்தான் பாக்கி. "தாண்டிப் போகிறேனோ" என்ற உங்கள் கூச்சம் பாதி இதிலேயே போய்விட வேண்டும். அவர் எடுக்கக்கூடிய முடிவை அவருக்குத் தெரியாமல் மேலே கொண்டு போனால்தான் தாண்டிப் போவது. அவர் கையில் இல்லாத முடிவை, அவருக்குத் தெரிந்தே, அது யார் கையில் இருக்கிறதோ அவரிடம் கொண்டுபோய் வைப்பது வேலை.

போவதற்கு முன் அளவைச் சரிபாருங்கள்

உங்கள் கடிதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. பிளான்ட் ஹெட் ஆலையில் வேலை பார்த்து மேலே வந்தவர் என்றால் முதல் நிமிடத்தில் அதைக் கேட்பார்: "பீஸ் சூடாக இருந்ததா?"

"உடனே எடுத்துப் போய் அளந்தேன்" என்கிறீர்கள். மாஸ்டர் சிலிண்டர் உடல் அலுமினியம். 12.7 மில்லிமீட்டர் துளை பத்து டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 3 மைக்ரான் பெரிதாகிவிடும். வரைபடத்தில் இருக்கும் அளவோ 20 டிகிரிக்கானது. அப்படியானால் 12.745 என்று நீங்கள் பார்த்த பீஸ், ஆறின பிறகு 12.742 ஆக இருக்கலாம். அது வரம்புக்குள். ஒரு பழைய ஸ்டாண்டர்டு ரூம் இன்சார்ஜ் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு விசாரணையில் இரண்டு இன்ஜினியர்கள் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். இவர் மெதுவாக வந்து பீஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள ஆறிடும்" என்றார்.

அதனால் உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று, தெரியாதது ஒன்று. லைன் கேஜும் ஸ்டாண்டர்டு ரூமும் ஒத்துப்போகவில்லை, ரிங்கின் தேதி முடிந்திருக்கிறது: இது தெரியும். வரம்பு மீறிய பீஸ் உண்மையிலேயே போயிருக்கிறதா: இது இன்னும் தெரியாது. இரண்டையும் கலந்து "தப்பான பீஸ் போய்க்கொண்டிருக்கிறது" என்று மேலே எழுதிவிட்டு, நாளை அளந்து பார்க்கும்போது எல்லாம் வரம்புக்குள் வந்தால், அன்றோடு உங்கள் சொல்லுக்கு மதிப்பு போய்விடும். ரிங் பிரச்சினை உண்மை என்பதுகூட அப்போது யார் காதிலும் விழாது.

இன்று ஷிஃப்ட் முடிவதற்குள் 30 பீஸ் எடுங்கள். லைன் கேஜில் அளந்து, ஒவ்வொன்றிலும் எண் எழுதி, ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஸ்டாண்டர்டு ரூமில் ஆறவிட்டு, காலையில் தேதி முடியாத கருவியில் அளங்கள். வேறு லைனில் அதே அளவில் கேலிப்ரேஷன் உள்ள ரிங் இருந்தால், அதை வைத்து லைன் கேஜை செட் செய்தும் அந்த 30 பீஸைப் பாருங்கள். மூன்று நெடுவரிசை எண்கள், ஒரே தாளில். வேறு எந்த ஆதாரமும் வேண்டாம். இதையும் ஒளித்துச் செய்யாதீர்கள். "சார், நாளைக்குக் காலையில 30 பீஸ் ஒழுங்கா அளந்து பார்த்துடறேன்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் காரணம் இருக்காது.

ஒரு வேளை எல்லாம் ஆறின பிறகு வரம்புக்குள் நன்றாக அடங்கிவிட்டால் நல்லது. அப்போது ரிங்கை அனுப்புவது மட்டும்தான் பாக்கி, அதற்கு பிளான்ட் ஹெட் தேவையில்லை. வரம்பைத் தாண்டினாலோ, விளிம்பில் நின்றாலோ தொடர்ந்து படியுங்கள்.

மேனேஜரிடம் என்ன சொல்வது

உட்கார்ந்து பேசுங்கள், பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு. தாளை முதலில் அவர் கையில் கொடுங்கள். அவர் படித்து முடிக்கும்வரை பேசாதீர்கள். பிறகு, உங்கள் வழக்கமான பேச்சில், எண்களை உங்கள் தாளில் வந்தபடி மாற்றிக்கொண்டு, கிட்டத்தட்ட இப்படி:

"சார், 30 பீஸ்ல 7 பீஸ் மேல் வரம்பைத் தாண்டுது. இன்னைக்கு லாட்டை ஹோல்டு போட்டு நல்ல ரிங்ல மறுபடி பார்க்கணும்னு நினைக்கிறேன். டிஸ்பேட்ச் விஷயம், நம்ம ரெண்டு பேர் லெவல்ல முடியாது. பிளான்ட் ஹெட் சார்கிட்ட நீங்க சொன்னா நல்லா இருக்கும், நான் ரிப்போர்ட்டோட கூட வர்றேன். ரெண்டு மணி டிஸ்பேட்ச் மீட்டிங்குக்கு முன்னாடி போயிடலாமா?"

இதில் எண் இருக்கிறது, கேட்கும் முடிவு இருக்கிறது, யாரிடம் போக வேண்டும் என்பது இருக்கிறது, எப்போது என்பதும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், சொல்லும் இடம் அவருக்கு விடப்பட்டிருக்கிறது. "நான் போய்ச் சொல்லப் போகிறேன்" என்றால் மிரட்டல். "நீங்கள் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்" என்றால் அவருக்கு வழி கிடைக்கிறது. நல்ல மேனேஜர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் எழுந்துவிடுவார்கள். போகும் வழியிலேயே அது அவருடைய கண்டுபிடிப்பாகவும் மாறிவிடும். மாறட்டும், விடுங்கள்.

பேசி முடித்ததும் இரண்டு வரியில் அவருக்கு மட்டும் மெயில் போடுங்கள். வேறு யாரையும் சேர்க்க வேண்டாம். "இன்று காலை பேசியபடி 30 பீஸ் ரிப்போர்ட் இணைத்துள்ளேன். இன்றைய லாட்டை ஹோல்டு செய்வது பற்றி இரண்டு மணிக்கு முன் உங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறேன்." அவ்வளவு போதும். "பலமுறை சொல்லியும்" என்ற சொல் அதில் வரவே கூடாது.

அவர் மறுத்தால்? "அஞ்சாம் தேதின்னு சொன்னேன்ல" என்று எரிந்து விழுந்தால்? அங்கே வாதாட வேண்டாம். அப்போது சொல்ல வேண்டியது: "சரி சார், உங்க கருத்து புரியுது. எனக்கு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட மனசு வரல. அதனால உங்க கருத்து, என் கருத்து ரெண்டையும் ஒரே தாள்ல எழுதி பிளான்ட் ஹெட் சார்கிட்ட வச்சிடலாம், அவர் சொல்றபடி செய்யலாம். அனுப்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க, உங்க பக்கத்தை நான் சரியா எழுதலைன்னா திருத்திக் கொடுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவருக்குத் தெரியாமல் எதுவும் போகாது என்பதும், அவர் பக்கம் திரிக்கப்படாது என்பதும் அதில் இருக்கிறது. படித்துப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுங்கள். உங்கள் விஷயத்தில் ஒரு வாரம் கொடுக்க முடியாது, சாயங்காலம் லாரி கிளம்பிவிடும்.

பிளான்ட் ஹெட்டுக்கு எழுதும் தாள்

அரைப் பக்கம். மெயிலாக அனுப்பினால் மேனேஜரின் பெயர் பிளான்ட் ஹெட் பெயருக்குப் பக்கத்திலேயே, பெறுநர் இடத்தில் இருக்க வேண்டும். சி.சி.யில் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். சி.சி.யில் வைப்பது மென்மையான வழி என்று பலர் நினைக்கிறார்கள். மேலதிகாரியைப் பற்றி அவருடைய மேலதிகாரியிடம் பேசிவிட்டு, அவரை வேடிக்கை பார்க்க வைப்பதுதான் அது. உங்கள் அலுவலக வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

"மாஸ்டர் சிலிண்டர் லைன், துளை விட்டம்: இன்றைய லாட் குறித்து உங்கள் முடிவு தேவை. ஏர் கேஜ் செட்டிங் ரிங்கின் கேலிப்ரேஷன் தேதி இரண்டு மாதம் முன்பு முடிந்துள்ளது. 20 டிகிரியில் அளந்த 30 பீஸில் 7 பீஸ் 12.743ஐ மீறுகின்றன, அதிகபட்சம் 12.746. முன்பு அனுப்பிய லாட்டுகளின் நிலை இன்னும் தெரியவில்லை. வழி ஒன்று: இன்றைய லாட்டை நிறுத்தி, வேறு லைன் ரிங்கால் செட் செய்து முழுவதும் மறுஅளவு எடுப்பது. பீஸுக்குப் பத்து வினாடி என்றால் ஒருவருக்கு ஆறு மணி நாற்பது நிமிடம், இருவருக்கு அரை ஷிஃப்டுக்குள் முடியும். வழி இரண்டு: திட்டப்படி அனுப்பி, ஐந்தாம் தேதிக்குப் பின் ரிங்கை அனுப்புவது. மீறல் சில மைக்ரான்தான், களத்திலிருந்து புகார் இல்லை, மாத இறுதி டிஸ்பேட்ச் பாதிக்கப்படக் கூடாது என்பது மேனேஜர் கருத்து. என் பரிந்துரை வழி ஒன்று. மூன்று மணிக்குள் முடிவு கிடைத்தால் இன்றைய லாரிக்கே சரக்கு தயாராகலாம்."

மேனேஜரின் வாதத்தை நான் கேலியாக எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அதில் நியாயமும் இருக்கிறது. 3 மைக்ரான் கூடுதலால் மட்டும் ஒரு பிரேக் செயலிழந்துவிடாது. துளைக்கும் ரப்பர் சீலுக்கும் நடுவே இடைவெளி கூடக் கூடத்தான் பிரேக் ஆயில் பின்னால் கசிந்து லீவர் தொளதொளக்கும், இது அந்த அளவு இல்லை. ஆனால் ரிங் இன்னும் தேய்கிறது, எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை, இது பிரேக். இவ்வளவுதான் உங்கள் வாதம். "உயிரோடு விளையாடுகிறார்கள்" என்ற தொனி வந்தால், பிளான்ட் ஹெட் முதலில் உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார், ரிங் பின்னால் போய்விடும்.

அந்தத் தாளில் பெயர் சொல்லிக் குறை சொல்வது எதுவும் இல்லை என்பதையும் பாருங்கள். "ரிங்கை அனுப்பவில்லை" என்று எழுதினால் யார் அனுப்பவில்லை என்ற கேள்வி வரும். "தேதி முடிந்துள்ளது" என்றால் அடுத்து என்ன என்ற கேள்விதான் வரும்.

இன்னொரு கைப்பிடியும் உங்களிடம் இருக்கிறது. உங்கள் லைன் கன்ட்ரோல் பிளானை எடுத்துக் கடைசி நெடுவரிசையைப் படியுங்கள். ரியாக்‌ஷன் பிளான் என்று இருக்கும். அளவு மீறினால் யாருக்குச் சொல்வது, லாட்டை என்ன செய்வது என்று அங்கே எழுதியிருப்பார்கள். பல ஆலைகளில் எத்தனை நிமிடத்தில் தீராவிட்டால் யாரிடம் போவது என்ற எஸ்கலேஷன் அட்டவணையும் லைன் பக்கத்திலேயே தொங்கும். அதில் கையெழுத்துப் போட்டவர்களில் உங்கள் மேனேஜரும் ஒருவராக இருப்பார். அதைக் காட்டி, "சார், நம்ம பிளான்லயே இப்படித்தானே இருக்கு" என்று சொல்வது ரொம்ப மரியாதையான வழி. பொருளின் தரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு உற்பத்தியையும் சரக்கு அனுப்புவதையும் நிறுத்த அதிகாரம் இருக்க வேண்டும் என்று ஐ.ஏ.டி.எஃப். தரநெறியே கேட்கிறது. உங்கள் ஆலையில் அது யாருடைய பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பெயராகவே இருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

குறுக்கு வழிகள்

பெயர் போடாத கடிதம் வேண்டாம். 12.745 என்ற எண் உங்கள் ஆலையில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களுக்கும் ஸ்டாண்டர்டு ரூம்காரருக்கும். கடிதம் பிரிக்கப்பட்ட அரை மணி நேரத்தில் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும், ஒளிந்து எழுதினார் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

மேனேஜருக்குத் தெரியாமல் பி.சி.சி. போடுவதும் இதே ரகம். பிளான்ட் ஹெட் மறதியாக "ரிப்ளை ஆல்" அழுத்தினால் போதும். ராத்திரி பத்து மணிக்கு அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் தரப்பில் ஆலைக்கு வந்துபோகும் குவாலிட்டி அதிகாரி உங்களுக்கு நல்ல பழக்கமாக இருக்கலாம். அவர் காதில் போடவே போடாதீர்கள். அது நிறுவனத்தையே தாண்டிப் போவது, அங்கே உங்களுக்காகப் பேச யாரும் வர மாட்டார்கள். வரைபடத்தையும் ரிப்போர்ட்டையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்வதும் வேண்டாம். நாளைக்குப் பிரச்சினை திசை திரும்பினால், முதல் குற்றச்சாட்டாக அதுதான் நிற்கும். என்றைக்கு யாரிடம் என்ன சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

சி.சி. விஷயத்தில் நான் நேரில் பார்த்தது ஒன்று. நான் இருந்த ஓர் ஆலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் ஒருவர், பிரஸ்ஸில் பாதுகாப்பு சென்சார் வேலை செய்யவில்லை என்று இயக்குநருக்கு மெயில் போட்டு மேனேஜரை சி.சி.யில் வைத்தார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மறுநாள் காலை மீட்டிங்கில் இயக்குநர் மேனேஜரைப் பார்த்து அதைப் பற்றிக் கேட்டார். மேனேஜர் அன்று மெயிலே திறக்கவில்லை, இருபது பேர் முன்னால் விழித்தார். சென்சார் அன்று மாலையே சரியாகிவிட்டது. இன்ஜினியருக்கு அடுத்த வாரத்திலிருந்து நைட் ஷிஃப்ட். ஒரு வருடத்தில் வேலையை விட்டுவிட்டார். மேனேஜர் செய்தது தவறுதான், அதை நான் கண்டித்தும் இருக்கிறேன். ஆனால் முந்தின நாள் மாலை ஒரு ஃபோன் செய்து, "சார், இப்படி ஒரு மெயில் போடப் போறேன்" என்று சொல்லியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். நீங்கள் மேனேஜரிடம் தாளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது, பிளான்ட் ஹெட் ரவுண்ட்ஸ் வந்து "என்னப்பா, எல்லாம் ஓகேவா?" என்று தோளில் தட்டுவார். எல்லாம் ஓகே என்று பொய் சொல்லவும் வேண்டாம், முழுக் கதையைக் கொட்டவும் வேண்டாம். "ஏர் கேஜ் செட்டிங்ல ஒரு சந்தேகம் சார். மேனேஜர் சார்கிட்ட ரிப்போர்ட் கொடுத்திருக்கேன், மதியத்துக்குள்ள சேர்ந்து உங்களைப் பார்க்க வர்றோம்." உடனே போய் மேனேஜரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரியக் கூடாது.

உங்களுக்கு என்ன ஆபத்து, என்ன பாதுகாப்பு

மேனேஜர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கலாம். அது நடக்கும், தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வேலை போகும் அளவு ஆபத்து, மேலே சொன்ன வழியில் போனால் குறைவு என்றே நினைக்கிறேன். கையெழுத்துப் பக்கம்தான் எனக்குப் பெரிய கவலை. பிற்பாடு வாடிக்கையாளர் புகார் வந்து பழைய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டுகளை எடுத்தால், அதில் இருப்பது உங்கள் பெயர். "வாயால் சொன்னேன்" என்பது அங்கே செல்லாது. இன்றைக்குத் தெரிந்துகொண்டே, சந்தேகமுள்ள கேஜின் அளவுக்கு எந்தக் குறிப்பும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மேனேஜர் போடச் சொன்னால், "செட்டிங் ரிங் கேலிப்ரேஷன் நிலுவை" என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிப் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

சட்டப் பாதுகாப்பு பற்றி உங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிடுகிறார்கள். 2014இல் இயற்றப்பட்ட தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் அரசுப் பணியாளர்களின் ஊழல், அதிகார துஷ்பிரயோகம் போன்றவற்றுக்கானது. தனியார் ஆலையின் ரிங்குக்கு அது வராது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 177ஆம் பிரிவு, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கியவையும், வங்கி மற்றும் பொது நிதி நிறுவனங்களிடம் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவையும் ஊழியர்கள் புகார் சொல்ல ஓர் ஏற்பாடு வைக்க வேண்டும் என்கிறது. புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் காக்கும் ஏற்பாடும் அதில் இருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் அதில் வருகிறதா என்று மனிதவளத் துறையிடம் பொதுவாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் கதவை இப்போது தட்ட வேண்டாம். அது வேறு நிலைமைக்கானது. ரீடிங்கை மாற்றி எழுதச் சொன்னால், கேலிப்ரேஷன் ஸ்டிக்கரில் தேதியைத் திருத்தி ஒட்டினால், பிளான்ட் ஹெட் தாளைப் படித்துவிட்டு "கிழிச்சுப் போடு" என்றால், அப்போது தட்டலாம். அந்த நிலைமையில் மேனேஜருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று நான் மேலே எழுதியது எதுவும் பொருந்தாது. பொய்க் கணக்கில் பங்குள்ளவருக்கு முன்னறிவிப்பு கொடுத்தால் ஆதாரம்தான் காணாமல் போகும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மேனேஜர் அந்த ஆள் இல்லை. மாதக் கடைசியில் மாட்டிக்கொண்ட ஒரு மனிதர்.

பிளான்ட் ஹெட் உங்கள் பரிந்துரையை ஏற்காமலும் போகலாம். "இன்றைக்கு அனுப்பு, நாளைக்கு ரிங்கை மாற்று" என்று எழுத்தில் முடிவெடுத்தால், அது அவர் பொறுப்பு. ரிப்போர்ட்டில் அந்த முடிவைக் குறிப்பிட்டு நீங்கள் வேலையைத் தொடரலாம். ஏற்றுக்கொண்டால், அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போங்கள். மறுஅளவில் எத்தனை பீஸ் ஒதுங்கியது என்ற எண்ணை முதலில் அவரிடம் சொல்லுங்கள், மேலே அனுப்பும் மெயிலும் அவர் பெயரிலிருந்தே போகட்டும்.

நாளைக் காலை அவர் அறைக்குப் போகும்போது, 30 பீஸ் தாளோடு மேல் வரம்பைத் தாண்டிய ஒரு பீஸையும் கையில் எடுத்துப் போங்கள். இரண்டு மணி டிஸ்பேட்ச் மீட்டிங்குக்கு முன்னால் போக வேண்டும். அதற்குப் பிறகு போனால், லாரி எண்ணே போட்டு முடித்திருப்பார்கள்.